படத்துல பன்னெண்டு, பொட்டில ஆறு: விளக்கு விக்கிறவங்க கேப்ஷன் அனுபவம் சொல்லுங்க

ஹட்டன்காரி:
போன தீபாவளிக்கு நடந்தது, இன்னும் மனசுல கெடந்து உறுத்துது. மண் விளக்கு, தோரணம், கோலம் ஸ்டிக்கர் எல்லாம் பேஸ்புக்ல போட்டு விக்கிறேன். அன்னிக்கு பித்தளை தட்டுல பன்னெண்டு விளக்க அடுக்கி, பூவும் போட்டு போட்டோ எடுத்தேன். கேப்ஷன்ல மொத நாலு வரி ‘இருள் நீங்கி ஒளி பெருக’ன்னு வாழ்த்து, அதுக்குக் கீழ ‘480 ரூவா மட்டுமே’, அதுக்கும் கீழ கடைசியில ‘செட் = 6’. போன்ல பாக்குறவங்களுக்கு மேல உள்ள வாழ்த்து மட்டுந்தான் தெரியும், மீதிக்கு ‘மேலும் பார்க்க’ அமுக்கணும். யாரு அமுக்குறா? ஒரு தோட்டத்து அக்கா அட்வான்ஸ் காசுல ஓடர் பண்ணி, கூரியர் லயத்து வரைக்கும் வராதுன்னு டவுன் கடைக்கே வந்து எடுத்துக்கிட்டாங்க. மழை, கொடைய மடக்கி கக்கத்துல வச்சிக்கிட்டு பொட்டியத் தொறந்து ஒவ்வொண்ணா எண்ணுனாங்க. ஆறு. திரும்ப எண்ணுனாங்க. ‘சரி தங்கச்சி, இஸ்தோப்புக்கு ஆறு போதும்’னு சொல்லிட்டு மூடிட்டாங்க. சண்ட போட்டிருந்தாக்கூட பரவால்ல.

மலைக்காத்து:
இதுல உங்க தப்பு என்ன, எழுதித்தானே இருந்திச்சு? படிக்காம வாங்குறது அவங்க பாடு. நான் விலையே போட மாட்டேன், ‘இன்பாக்ஸ் வாங்க’ன்னு போடுவேன், அப்பத்தான் கொமெண்ட் ஏறும்.

பண்டாரவளை அண்ணன்:
தம்பி, கொமெண்ட் ஏறும், ஓடர் ஏறாது. நாள் சம்பளக்காரங்க விலை தெரியாத எடத்துல வாயத் தொறந்து கேக்கவே கூச்சப்படுவாங்க. ஹட்டன் தங்கச்சிக்கு ஒண்ணு சொல்றேன், மொத வரியிலயே எத்தன விளக்கு, எவ்வளவு காசு, எவ்வளவு பெருசு. வாழ்த்த கடைசிக்குத் தள்ளுங்க. அளவ இஞ்சில போட்டாலும் பக்கத்துல ஒரு தீப்பெட்டிய வச்சு போட்டோ எடுங்க, கிட்ட வச்சு எடுத்த படத்துல ரெண்டு இஞ்சி விளக்கு சட்டி மாதிரி தெரியும்.

எனக்கு அளவுல அடி விழல, ‘எண்ணெய் கசியாது’ன்னு எழுதினதுலதான் விழுந்திச்சு. சுட்ட மண்ணு குடிக்கும், அது அதோட கொணம். மெழுகு போட்டு பளபளன்னு வச்சிருந்த சிமெந்துத் தரையில ஒவ்வொரு விளக்குக்கும் அடியில வட்டமா எண்ணெக் கறை, வாங்கின வீட்டம்மா தரைய போட்டோ புடிச்சு அனுப்பினாங்க. இப்ப ‘மண் விளக்கு எண்ணெய் குடிக்கும், அடியில தட்டு வைங்க’ன்னு நானே எழுதிர்றேன். அதுனால வியாபாரம் கொறையல.

சின்னப்பொண்ணு:
ராத்திரி பூரா தண்ணில ஊறப்போட்டா கசியவே கசியாது அண்ணே, எங்க அம்மாயி சொல்லும்.

பண்டாரவளை அண்ணன்:
பாதி சரி. சுட்ட மண்ணுல உள்ள சின்னச் சின்ன ஓட்டையெல்லாம் தண்ணி அடைக்கிறதால மொத நாள் கொறைவா குடிக்கும், தண்ணி காஞ்சதும் எண்ணெய் எறங்கும். அதோட நம்ம பக்கம் ஒக்டோபர் மழையில ஊறுன விளக்கு லேசுல காயாது. ஈரமா ஏத்துனா திரி படபடன்னு வெடிச்சு அணையும். கேப்ஷன்ல ‘ஊற வைங்க’ன்னு மட்டும் போட்டுட்டு ‘நல்லா காயவச்சு ஏத்துங்க’ங்கிறத விட்டுட்டா திட்டு உங்களுக்குத்தான் வரும்.

ரவி_பதுளை:
நான் விக்கிறவன் இல்ல, வாங்கி ஏமாந்தவன். ‘கைவேலை, பெயிண்ட் பண்ணது’ன்னு போட்டிருந்தாங்க, ஏத்துனா விளக்கு மூக்கு கிட்ட பெயிண்ட் பொகைஞ்சு ஒரே நாத்தம், தங்கக் கலர் கறுத்துப் போச்சு. கேட்டா ‘அது அழகுக்கு சேர்’ங்குறாங்க. அழகுக்குன்னா அத எழுத வேண்டியதுதானே? சரி, லைட் மாலை நல்லது யாராச்சும் விக்கிறீங்களா?

ஹட்டன்காரி:
ரவி அண்ணே, நான் வெளிப்பக்கம் மட்டுந்தான் பெயிண்ட் அடிப்பேன், திரி வைக்கிற மூக்க வெறும் மண்ணா விட்டுருவேன். அதையும் இனி எழுதுறேன். இந்த வருச தீபாவளிக்கு இப்படி எழுதி வச்சிருக்கேன், பாத்து சொல்லுங்க:

‘6 மண் விளக்கு 480 ரூவா. வாய் ரெண்டரை இஞ்சி, தீப்பெட்டிய விட கொஞ்சம் பெருசு. படத்துல உள்ள தட்டும் பூவும் விக்கிறதுக்கு இல்ல. எண்ணெய் குடிக்கும், அடியில தட்டு வைங்க. தீபாவளிக்கு ஆறு நாள் முன்னாடியே சொன்னா தோட்டத்துக்குப் பக்கத்து டவுன் கடையில குடுத்துருவோம், ஒடஞ்சிருந்தா அங்கயே மாத்திக்கலாம். எல்லாருக்கும் தீபாவளி வாழ்த்துகள்.’

மலைக்காத்து:
ரொம்ப வறட்சியா இருக்கு. பண்டிக மாதிரியே இல்ல, கூப்பன் கடை போர்டு மாதிரி இருக்கு.

பண்டாரவளை அண்ணன்:
இருக்கட்டும். ஆனா ‘6’ங்கிறத எழுத்துலயும் ‘ஆறு’ன்னு போடுங்க, படத்துலயும் ஆறு மட்டும் வைங்க. அந்தப் பன்னெண்டு விளக்குப் படத்த தூக்கிருங்க தங்கச்சி.

ஹட்டன்காரி:
தூக்கிட்டேன். நேத்து ராத்திரி புதுசா ஆறு வச்சு எடுத்துப் போட்டேன், காலையில மொத கொமெண்ட்: ‘அந்தத் தட்டு எவ்வளவு?’