வெளிக்கணுக்காலுக்குப் பின்னால் ‘டக்’னு நழுவும் தசைநாண்: நீங்க பார்த்த கேஸ்கள்?

பிசியோ பயணி
ஆறு வாரமா சுளுக்குன்னு கட்டுப் போட்டிருந்த ஒரு கால்பந்து பையன். பந்தை அடிக்க ஊன்றின கால் முன்னால மடங்கியிருக்கு, ‘டப்’னு சத்தம். வீக்கம் வடிஞ்சும் வலி போகல. சுளுக்குன்னா கணு எலும்புக்கு முன்னாலயும் கீழயும் அழுத்தினா வலிக்கணும். இவனுக்கு அங்க ஒண்ணும் இல்ல, எலும்புக்குப் பின்விளிம்புல விரல் வச்சதும் காலை இழுத்துக்கிட்டான். பாதத்தை மேல தூக்கி வெளிப்பக்கமாத் தள்ளச் சொல்லி, கையால எதிர்த்துப் பிடிச்சேன். தோலுக்கடியில கயிறு மாதிரி ஒண்ணு எழும்பி எலும்பு மேல ஏறிச்சு, விட்டதும் சறுக்கிப் பின்னால விழுந்துச்சு. “இதத்தான் முதல் நாள்லேருந்து சொல்றேன்”னான்.

பழைய எக்ஸ்ரேயை வெளிச்சத்துல பிடிச்சா, வெளிக்கணு எலும்பை ஒட்டி நகக்கீறல் அளவுக்கு ஒரு சில்லு. தசைநாணை இழுத்துப் பிடிக்கிற பட்டை எலும்போட பிஞ்சதுக்கு அடையாளம். ரிப்போர்ட்ல ‘முறிவு இல்லை’.

காலை ஓட்டம்
இதுக்கு ரப்பர் பேண்ட் பயிற்சி போதுமே. தசை பலமானா நழுவாது. எனக்கும் கணுக்கால்ல டக் டக்னு சத்தம் வரும், வலி கிடையாது, நான் பாட்டுக்கு ஓடிக்கிட்டுத்தான் இருக்கேன்.

எலும்பு வைத்தியர்
வலியில்லாத சத்தத்தையும் இதையும் ஒண்ணாக் கட்டாதீங்க. பேண்ட் பயிற்சி தப்புன்னு சொல்லல. பட்டை நல்லா இருந்து, தசைநாண் மட்டும் புண்ணாகியிருந்தா அதுதான் மருந்து, மெதுவா எடை கூட்டிக்கிட்டே போகணும். ஆனா பட்டையே கிழிஞ்ச கால்ல தசை எவ்வளவு பலமா இழுக்குதோ, அவ்வளவு வேகமா நாண் எலும்பு மேல ஏறும். அங்க ரெண்டு நாண் ஒண்ணு மேல ஒண்ணாப் போகுது. எலும்பை ஒட்டிக் கிடக்கிறது பெரோனியஸ் பிரெவிஸ். ஏறி இறங்கும்போதெல்லாம் எலும்போட கூர் விளிம்பு அதைத்தான் அறுக்கும். குறுக்கே அறாது, விறகு பிளந்த மாதிரி நீளவாக்குல பிளக்கும். அதனாலதான் நடக்க முடியுது, யாரும் சந்தேகப்படறதும் இல்ல.

இன்னொரு வகையும் உண்டு. பட்டை முழுசா இருக்கும், நாண் வெளியே வராது, ஆனா எலும்புக்குப் பின்னால நாண்கள் கிடக்கிற பள்ளத்துக்குள்ளேயே ரெண்டும் இடம் மாறி ‘டக்’னும். எம்.ஆர்.ஐ.யில காலை அசைக்காமப் படம் எடுக்கறதால அது தப்பிச்சுடும். அல்ட்ராசவுண்ட் கருவியை எலும்புக்குப் பின்னால வச்சுக்கிட்டு பாதத்தைச் சுழற்றச் சொன்னா, திரையிலயே மாறறது தெரியும்.

அடிபட்ட புதுசுலயே கண்டுபிடிச்சா, பாதத்தைக் கொஞ்சம் கீழ் நோக்கி வச்சு ஆறு வாரம் மாவுக்கட்டு போட்டுப் பார்க்கலாம். அப்படியும் கிட்டத்தட்ட பாதிப் பேருக்குத் திரும்ப நழுவுது. இந்தப் பையனுக்கு அந்தக் காலமும் போயிடுச்சு.

குடும்பத்தலைவி
எங்கம்மாவுக்குக் காலையில எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகால் அடியில சுருக்குன்னு குத்துது. இதுதானா டாக்டர்?

எலும்பு வைத்தியர்
இல்லம்மா. அது உள்ளங்கால் சவ்வு வலி மாதிரி இருக்கு. நேர்ல காட்டுங்க.

ஷூ ஆராய்ச்சி
யாரும் கேக்கலதான், இருந்தாலும் சொல்றேன். ஆளை நிக்க வச்சுப் பின்னாலேர்ந்து பாருங்க. பாத வளைவு உயரமா, குதிகால் உள்பக்கம் சாஞ்சிருந்தா, பாதம் வெளிவிளிம்புலயே ஊன்றும். அதை நிமிர்த்திப் பிடிக்க இந்த நாண்கள் ஒவ்வொரு அடிக்கும் உழைக்கணும். இவங்களுக்கு வளைவைத் தாங்கற தடிமனான இன்சோல் வாங்கிக் கொடுக்கறவங்கதான் ஜாஸ்தி. அது பாதத்தை இன்னும் வெளியே தள்ளும். வேண்டியது குதிகால் வெளிப்பக்கத்துல ஒரு ஆப்பு. அடியில சின்னதாத் தொடங்கி, ஒரு வாரம் நடக்கவிட்டுப் பார்த்துட்டு ஏத்துங்க. கிழிஞ்ச பட்டையை ஆப்பு ஒட்டவைக்காது. ஆனா சாய்வை விட்டுட்டு ஆபரேஷன் மட்டும் பண்ணினா, தைச்ச இடம் மறுபடி அதே சுமையைத்தான் தாங்கணும்.

காலை ஓட்டம்
சரி, ஒத்துக்கறேன். வலிக்கு ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டுட்டு ஆடக்கூடாதா?

எலும்பு வைத்தியர்
ஏற்கெனவே பிளந்திருக்கிற நாணுக்குள்ள ஊசி போனா, முழுசா அறுந்துபோற அபாயம் உண்டு. வலி மறைஞ்ச கால்ல ஓடினா இன்னும் மோசம்.

பிசியோ பயணி
விட்டதைச் சொல்லிடறேன். பையனுக்குத் திறந்து பார்த்ததுல பிரெவிஸ் மூணுல ஒரு பங்கு நீளவாக்குல பிளந்திருந்தது. நைஞ்ச ஓரத்தை வெட்டி, மிச்சத்தைக் குழாய் மாதிரி சுருட்டித் தைச்சாங்க. பாதிக்கு மேல போயிருந்தா பக்கத்து நாணோட சேர்த்துத் தைச்சிருப்பாங்க. பட்டையை எலும்புல திரும்பப் பொருத்தினாங்க. பள்ளத்தை ஆழமாக்கல.

எலும்பு வைத்தியர்
தட்டையான பள்ளமா இருந்தா நான் ஆழமாக்கியிருப்பேன்.

பிசியோ பயணி
பட்டை இறுக்கமா நின்னா போதும்னு அந்த சர்ஜன் சொல்றார் சார். மேசையிலயே பாதத்தைச் சுழற்றிப் பார்த்தாங்க, நழுவல.