அக்காவுக்கு டிபியா, சார்காய்டோசிஸா?

தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். அக்காவுக்கு 38 வயது. 4 மாதமாக வறட்டு இருமல், மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. எக்ஸ்ரேயில் நுரையீரல் வாசலில், இரு பக்கமும் உருளைக்கிழங்கு போல வீக்கம். டிபி என்றுதான் முதலில் பயந்தோம். சளிப் பரிசோதனை இரண்டு முறையும் நெகட்டிவ். ஆன்டிபயாடிக்கிலும் இருமல் அடங்கவில்லை.

அப்புறம் மூச்சுக்குழாய் வழியாக ஊசி விட்டு பயாப்ஸி எடுத்தார்கள். செல்கள் சின்னச் சின்னக் கொத்தாகத் திரண்டிருக்கின்றன, நடுவில் அழுகல் இல்லை. நுரையீரலின் நிணநீர் வந்து சேர்வது அந்த வாசல் சுரப்பிகளில்தான். அங்கே கொத்துகள் பெருகுவதால்தான் படத்தில் பெரிதாகத் தெரிகிறது என்றார் டாக்டர். காரணம் தெரியாமல் உடலில் இப்படிச் செல் கொத்துகள் உண்டாகும் நோயான சார்காய்டோசிஸாக இருக்கலாமாம். அதற்கு ஸ்டீராய்டு தருவார்கள், டிபியாக இருந்தால் அது நோயைக் கூட்டிவிடலாம். ஆனால் டிபி கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் முடிவுக்கு 6 வாரம் ஆகும்.

இதே நிலையில் இருந்தவர்களே, கல்ச்சர் முடிவு வரும்வரை ஸ்டீராய்டு தொடங்காமல் காத்திருந்தீர்களா?