புதுப்பிப்பு: ஸ்டாக் எண்ணிக்கை தானாக ஏறிய கதை

என் பழைய கேள்வி: “ஸ்கிரிப்ட் 15 நிமிடத்துக்கு ஒருமுறை என் ஷீட்டிலிருந்து விலையும் ஸ்டாக்கும் விற்பனைத் தளத்துக்கு அனுப்புகிறது. ஆனாலும் இல்லாத சரக்கு விற்கிறதே, ஏன்?”

லாக் பார்த்ததில் பிடிபட்டது. பித்தளை விளக்கு, ஷீட்டில் 3. 10:04-க்கு 2 விற்று, தளமே 1 என்று குறைத்திருக்கிறது. 10:15-க்கு என் ஸ்கிரிப்ட் ஷீட்டைப் பார்த்து மறுபடி 3 என்று எழுதிவிட்டது. 10:40-க்கு இன்னும் 2 போனது. வினை என்னுடையதுதான்.

நிமிடத்துக்கு ஒருமுறை ஓட்டச் சொன்ன நண்பர் பாதி சரி: இடைவெளி குறைந்தது, ஆனால் அளவுக்கு மீறி அழைக்கிறாய் என்று தளம் மறுக்கும் `429` வர ஆரம்பித்தது. ஆர்டர்களை முதலில் இழுக்கச் சொன்ன அண்ணன்தான் சரியான இடத்தைத் தொட்டார். பணம் உறுதியாகாத ஆர்டரையும் கழிக்க வேண்டுமாம். அதை நான் விட்டிருந்தேன்.

```
qty = max(0, shelf - unshipped - pending)
```

`shelf` என்பது அலமாரியில் கையால் எண்ணியது. பார்சல் கிளம்பினால்தான் குறையும். `unshipped` பணம் வந்தும் இன்னும் அனுப்பாதது, `pending` பணம் உறுதியாகாதது. விலையைத் தனி அழைப்பாகப் பிரித்துவிட்டேன், மாறினால் மட்டும் போகும்.

புடவைக்கடை அக்கா கேட்டது இரண்டு தளங்களில் ஒரே சரக்கை விற்பது பற்றி. அதற்கு என்னிடம் விடை இல்லை. ஆர்டரை இழுப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவே சில விநாடி ஓட்டை எனக்கே இருக்கிறது. இப்போதைக்கு வந்த `qty`-இல் ஒன்றைக் குறைத்துத் தளத்தில் காட்டுகிறேன்.