பனிக்காலத்தில் காசியிலிருந்து திரும்ப எந்த நேரம்? காலை விமானமா, மதிய விமானமா?

மாயூரத்தான்
அப்பாவுக்கு 71 வயது, அம்மாவுக்கு 66. ஜனவரி 12 அன்று காசியிலிருந்து திரும்புகிறோம். 14ஆம் தேதி போகி, அதற்குள் வீட்டில் இருக்க வேண்டும். இரண்டு வழி பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று, காலை 8.40 விமானம், ஹைதராபாத்தில் மாறி மாலை 3.30க்குச் சென்னை, அன்றிரவே உழவன் எக்ஸ்பிரஸ். மற்றது, மதியம் 1.15 விமானம், பெங்களூருவில் மாறி இரவு 8 மணிக்குச் சென்னை, தங்கிவிட்டு மறுநாள் சோழன் எக்ஸ்பிரஸ். எங்கள் ஊர் மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி சாலையில் 12 கிலோமீட்டர். பனிமூட்டக் காலத்தில் எதை எடுப்பது?

குடந்தை ராகவி
காலை விமானம்தான். நாளின் முதல் விமானம் தாமதமானாலும் உங்களுக்கு மிச்சம் ஒரு முழுப் பகல் இருக்கிறது. மதியத்தை நம்பிப் போய் அது ரத்தானால் அன்றைய நாளே போய்விடும். நான் வேலைக்காக மாதம் இருமுறை விமானத்தில் போகிறவள். இந்த ஒரே விதியைத்தான் கடைப்பிடிக்கிறேன், ஏமாந்ததில்லை.

தஞ்சை வசந்தி
ராகவி சொல்வது சென்னைக்கும் பெங்களூருக்கும் சரி. காசிக்கு, அதுவும் ஜனவரியில், பொருந்தாது. நான் வடக்கே ஒரு விமான நிலையத்தில் தரைப்பணியில் பல குளிர்காலங்கள் இருந்தவள்.

முதல் விமானம் நேரத்துக்குப் புறப்படுவதற்குக் காரணம், அந்த விமானம் முந்தைய இரவே அங்கு வந்து நின்றுகொண்டிருப்பதுதான். பெரிய நிலையங்களில் அப்படி நிறைய நிற்கும். சிறிய நிலையத்தில் காலை விமானம் என்று நாம் சொல்வது, பெரும்பாலும் அன்று காலையில் வேறு ஊரிலிருந்து வந்து இறங்கி, உடனே நம்மை ஏற்றிக்கொண்டு திரும்புகிற விமானம். 8.40க்கு அது புறப்பட வேண்டுமானால் 8 மணிக்கு அது காசியில் இறங்க வேண்டும். கங்கைச் சமவெளியில் பனிமூட்டம் நள்ளிரவுக்குப் பின் கட்டத் தொடங்கி, சூரிய உதயத்தை ஒட்டித்தான் மிக அடர்த்தியாகும். வெயில் ஏறிக் கலையப் பத்து, பதினொன்று ஆகிவிடும். அதாவது உங்கள் விமானம் இறங்க வேண்டிய நேரமும் பனி உச்சத்தில் இருக்கும் நேரமும் ஒன்றே.

டெல்லியில் தகுந்த கருவிகளும் பயிற்சி பெற்ற விமானியும் இருந்தால் ஓடுபாதையில் 50 மீட்டர் தெரிந்தாலே இறங்கலாம். புறப்படுவதற்கோ 125 மீட்டர் வேண்டும். காசியில் அந்த அளவு வசதி கிடையாது. அங்கே இறங்க முடியாத விமானம் வட்டமடித்துவிட்டு வேறு ஊருக்குப் போய்விடும். நீங்கள் கூடத்தில் உட்கார்ந்திருப்பீர்கள், வெயில் அடிக்கத் தொடங்கியிருக்கும், ஆனால் விமானம் இருக்காது.

குடந்தை ராகவி
அப்படியானால் பதினொன்றுக்குப் பனி கலைந்ததும் வந்துவிடுமே? மூன்று மணி நேரத் தாமதம், அவ்வளவுதான். சென்னைக்கு மாலை ஆறரைக்கு வந்தால்கூட உழவனைப் பிடிக்கலாம்.

தஞ்சை வசந்தி
பனி கலைந்ததும் எல்லாம் சரியாகிவிடுவதில்லை. விமானிக்கும் பணிப்பெண்களுக்கும் ஒரு நாளில் இத்தனை மணி நேரம்தான் பணி என்ற வரம்பு உண்டு. அதிகாலையில் பணிக்கு வந்து வேறு ஊரில் மூன்று மணி நேரம் விமானத்திலேயே உட்கார்ந்திருந்தால், கடிகாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். வரம்பு முடிந்துவிட்டால் வானம் பளிச்சென்று இருந்தாலும் அந்தக் குழு பறக்கக் கூடாது. மாற்றுக் குழு பெரிய ஊரில்தான் கிடைக்கும். நண்பகலில் வெயில் அடிக்கும்போது விமானம் ரத்து என்று அறிவிப்பார்கள். பயணிகள் சண்டைக்கு வருவார்கள், நானும் எத்தனையோ முறை இதை விளக்கியிருக்கிறேன். இன்னொன்று, சென்னைக்கு நேராக வந்தால் உங்கள் மூன்று மணி நேரக் கணக்கு சரி. நடுவில் ஹைதராபாத்தில் மாற வேண்டியிருக்கிறதே, அந்த விமானம் இவர்களுக்காக நிற்காது.

நன்னிலம் மீனா
சென்னையிலிருந்து இரவு பஸ்ஸில் வராதீர்கள். போன தையில் விடியற்காலையில் பனியால் வண்டி ஊர்ந்துதான் வந்தது. பகலில் வாருங்கள்.

பொன்மலை கார்டு
மீனா அம்மா, அவர் கேட்பது காசி விமானத்தைப் பற்றி. ஆனால் நீங்கள் சொன்னதில் ஒரு விஷயம் இருக்கிறது, கடைசியில் வருகிறேன்.

நான் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவன். விமானம் எதற்கு, ராமேஸ்வரம் வண்டி காசியிலிருந்து வாராவாரம் இருக்கிறதே என்று கேட்க நினைத்தேன். நாளுக்குப் பொருந்தாது போலிருக்கிறது. வசந்தி அம்மா சொன்ன அதே நோய் ரயிலுக்கும் உண்டு. பனியில் சிக்னல் தெரியாது. அடுத்த சிக்னல் வருவதைச் சொல்லும் கருவி இன்ஜினில் இருந்தாலும் 75 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஒரு வண்டி தன் நேரத்தை இழந்துவிட்டால், அதன் பாதையில் சரியான நேரத்துக்கு வரும் வண்டிகளுக்கு அது ஒதுங்கி நிற்க வேண்டும். ஒரு மணி நேரத் தாமதம் மூன்று மணி நேரமாக வளர்வது இப்படித்தான். பிறகு அதே பெட்டிகள் கடைசி நிலையத்தில் சுத்தம் செய்யப்பட்டு, திரும்பும் வண்டியாகப் புறப்பட வேண்டும். போன வண்டி தாமதமானால் திரும்பும் வண்டியும் தாமதம்.

ஆகவே வடக்கே எந்த ரயிலிலும் ஏறுமுன், ரயில்வேயின் NTES செயலியில் அதன் ஜோடி எண்ணை, அதாவது எதிர்த்திசையில் வரும் வண்டியின் எண்ணைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு எண் வித்தியாசம்தான். அது இன்னும் எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தால், உங்கள் வண்டி எப்போது கிளம்பும் என்று நிலைய அறிவிப்புக்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

திருவாரூர் செல்வம்
எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு வருடங்களுக்கு முன், ஜனவரியில், காசியிலிருந்து இரவு ரயிலில் டெல்லி போய், அங்கிருந்து மதிய விமானத்தில் சென்னை என்று திட்டம். ரயில் ஒன்பது மணி நேரம் தாமதம். விமான டிக்கெட் முழுவதும் போயிற்று. ரயிலும் விமானமும் வேறு வேறு டிக்கெட், யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். வயதான மாமியாரை வைத்துக்கொண்டு டெல்லி நிலையத்தில் இரவைக் கழித்தோம். அன்றிலிருந்து இரவில் கங்கைச் சமவெளியைக் கடக்கும் ரயிலோடு வேறு எதையும் கோர்ப்பதில்லை.

தஞ்சை வசந்தி
செல்வம் சொன்னதுதான் மாயூரத்தாரின் முதல் வழியில் ஒளிந்திருக்கும் ஆபத்து. ஹைதராபாத்தில் மாறும் இரண்டு விமானங்களும் ஒரே டிக்கெட்டில், ஒரே பி.என்.ஆரில் இருந்தால், முதலாவது தாமதமாகி இரண்டாவது தவறினால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. மலிவாக இருக்கிறதென்று தனித்தனியாக வாங்கினால் இரண்டாவது டிக்கெட் வீண். அதற்கப்புறம் உழவன். விமானம் தாமதமானதற்காக ரயில்வே எதையும் திருப்பித் தராது. ரயிலே மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி, நீங்கள் ஏறாமல், அது கிளம்புமுன் டி.டி.ஆர் என்ற பணம் திரும்பக் கேட்கும் கோரிக்கையைப் பதிந்தால்தான் முழுத் தொகை வரும்.

மதிய 1.15 விமானத்திலும் ஒன்று பார்க்க வேண்டும். அது எங்கிருந்து வருகிறது? பெங்களூருவிலிருந்து காலையில் கிளம்பி வருவதாக இருந்தால் நல்லது, அது இறங்கும் பன்னிரண்டரை மணிக்குக் காசி பெரும்பாலும் தெளிந்திருக்கும். அதே விமானம் காலையில் டெல்லிக்கும் லக்னோவுக்கும் போய்விட்டு வருவதாக இருந்தால் அங்கே மாட்டிய தாமதத்தையும் சுமந்துகொண்டுதான் வரும். விமானத்தின் பதிவு எண்ணைக் காட்டும் பொதுத் தளங்களில் முந்தைய ஐந்தாறு நாட்கள் அது எந்த ஊர் வழியாக வந்தது என்று பார்த்துவிடலாம்.

அன்று காலை நிலைமையை அறிய, காசி நிலையத்தின் வானிலைக் குறிப்பையும் பார்க்கலாம். பனிமூட்ட நாளில் இப்படி இருக்கும்:

```
VEBN 120130Z 00000KT 0100 FG NSC 08/08 Q1018
```

120130Z என்பது 12ஆம் தேதி நம் நேரம் காலை 7 மணி. 00000KT என்றால் காற்றே இல்லை. 0100 என்பது 100 மீட்டர் பார்வை. 08/08, வெப்பநிலையும், காற்றின் ஈரம் துளியாகத் தொடங்கும் பனிப்புள்ளியும் ஒன்றாகிவிட்டன. காற்று எழுந்து, இந்த இரண்டு எண்களும் விலகத் தொடங்கினால் பனி கலையப்போகிறது என்று பொருள். பத்து மணிக்கும் 08/08 என்றே இருந்தால், மதியமும் தாமதமாகும் என்று எதிர்பார்க்கலாம். அப்படியான நாட்களும் உண்டு, மேகம் மூடி வெயிலே எட்டாத நாட்கள்.

குடந்தை ராகவி
விமானம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கும் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன், நான் யோசித்ததே இல்லை. ஆனால் மதிய விமானம் ரத்தானால் அன்று காசியிலேயே இரவு தங்க வேண்டும், அடுத்த நாள் 13, அதுவும் தவறினால் போகி போய்விடும். காலையில் ரத்தானால் மதியத்தில் மாற்றிக் கேட்கலாமே. இந்தக் கணக்கில் என் பக்கம்தான் நியாயம் இருக்கிறது என்று இன்னும் நினைக்கிறேன்.

தஞ்சை வசந்தி
அதில் நியாயம் இருக்கிறது, மறுக்க மாட்டேன். ஆனால் காலை விமானம் ரத்தானால் அதிலிருந்த அத்தனை பேரும் மதிய விமானத்தின் சில காலி இருக்கைகளுக்கு வரிசையில் நிற்பார்கள். பண்டிகை வாரத்தில் காலி இருக்கை எங்கே? அவர் உண்மையில் செய்ய வேண்டியது நேரத்தை மாற்றுவதல்ல, நாளை மாற்றுவது. 11ஆம் தேதி மதியமே கிளம்பினால் ஒரு நாள் கையிருப்பு கிடைக்கும்.

பொன்மலை கார்டு
மீனா அம்மாவின் விஷயத்துக்கு வருகிறேன். உழவன் மயிலாடுதுறைக்கு விடியுமுன்னே வந்துவிடும். அந்த நேரத்தில் தரங்கம்பாடி சாலையில் வயலை ஒட்டியே 12 கிலோமீட்டர். மழை முடிந்து ஈரம் நிற்கும் வயல், காற்று அசையாத இரவு, நம் ஊர்ப் பனியும் அப்படித்தான் கட்டும். தை நெருங்கினால் அறுவடை இயந்திரங்களும் நெல் மூட்டை டிராக்டர்களும் பின்விளக்கில்லாமல் சாலையில் நிற்கும். 71 வயதுப் பெரியவரைப் பகல் முழுக்கப் பயணத்தில் அலைக்கழித்து, விடியுமுன் அந்தச் சாலையில் காரில் ஏற்ற வேண்டாம், தம்பி. ஏறியே தீர வேண்டுமென்றால் நிலையக் காத்திருப்பறையில் ஏழு மணி வரை இருந்துவிட்டுக் கிளம்புங்கள். சோழனில் வந்தால் பகலில் இறங்குவீர்கள். எழும்பூர் வரை போக வேண்டாம், தாம்பரத்திலேயே ஏறலாம், விமான நிலையத்திலிருந்து அதுதான் பக்கம்.

நன்னிலம் மீனா
இப்போது புரிந்தது. இன்னொன்று, நாள் தள்ளிப்போய்ப் போகியன்று காலை சென்னையில் இறங்கும்படி எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம். 2018 போகியன்று புகையும் பனியும் சேர்ந்து அங்கேயே விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குப் போயின.

மாயூரத்தான்
வசந்தி அக்கா, கார்டு ஐயா, எல்லோருக்கும் நன்றி. பார்த்தேன், 1.15 விமானம் கடந்த ஆறு நாட்களில் நான்கு நாள் பெங்களூருவிலிருந்தும் இரண்டு நாள் டெல்லி வழியாகவும் வந்திருக்கிறது. பயண நாளை 11ஆம் தேதிக்கு மாற்றிவிட்டேன், ஒரே பி.என்.ஆர். தாம்பரத்தில் விடுதி, மறுநாள் சோழன். அப்பாவுக்கு ஒரு நாள் கங்கைக் குளியல் குறைகிறதே என்று வருத்தம். ஒரே ஒரு சந்தேகம்: 11 அன்று மதியமும் ரத்தானால், அலகாபாத் வரை காரில் போய் அங்கிருந்து ரயில் பிடிப்பது புத்திசாலித்தனமா?

திருவாரூர் செல்வம்
இரவில் வேண்டாம். பகலென்றால் கார்டு ஐயாதான் சொல்ல வேண்டும்.