மார்ஜின் கணக்கில் 500ஆ, 100ஆ? மூன்றாம் நாளில் நிற்கிறேன்

அண்ணாமார், அக்காமார், கிளிநொச்சியில் இருந்து எழுதுறன். வாற கிழமை சோதினை. ஒரு பியூச்சர்ஸ் கணக்கில் மூன்று நாளா நிற்கிறன்.

சிகாகோ நெல் ஒப்பந்தம் ஒன்று, 15.00 டொலருக்கு வாங்கினது. ஒப்பந்த அளவு 2000 அந்தர் (எங்கட அந்தர் 112 இறாத்தல், அங்கே 100 தான்). கணக்கில் தந்த ஆரம்ப மார்ஜின் 1500 டொலர், பராமரிப்பு மார்ஜின் 1100.

முதல் நாள் முடிவு விலை 14.90. பத்துச் சதம் இறங்கினதால் 200 கழிந்து மீதி 1300. அழைப்பு இல்லை. இரண்டாம் நாள் 14.75, இன்னும் 300 போய் மீதி 1000. 1100க்குக் கீழே போனதால் மார்ஜின் அழைப்பு.

நண்பன் 100 கட்டினால் போதும் என்கிறான். பங்குக் கடன் கணக்கில் அப்படி இருக்கலாம்; பியூச்சர்ஸில் ஆரம்ப மார்ஜின் வரை நிரப்ப வேண்டும் என்று படித்ததால் நான் 500 போட்டேன். மூன்றாம் நாள் 15.05, லாபம் 600, என் மீதி 2100. மொத்த லாபம் 100ஐ வைத்துச் சரிபார்த்தேன். அவன்ர 1700உம் அதே சோதனையில் சரியா வருது, அதால பிரியோசனம் இல்லை.

உண்மையில் குழப்பம் இதுதான்: பணம் கட்டமுதலே மூன்றாம் நாள் விலை ஏறி மீதி 1600 ஆனால், இரண்டாம் நாள் வந்த 500 அழைப்பைக் கட்டத்தான் வேணுமா?