உதவி: வர்க்கங்களின் கூடுதலுக்கு முப்படிக் கோவை பொருந்தவில்லை

மலர்விழி_11: an³+bn²+cn+d என்று வைத்து, n = 1 முதல் 4 வரை நாலு சமன்பாடு போட்டுத் தீர்த்தேன். a=1/6, b=3/2, c=−5/3, d=1 வருது. n=5 போட்டா 51, புத்தகத்துல 55. எங்க தப்பு? நாளைக்குத் தேர்வு, அவசரம்.

செந்தில்: வலப்பக்கம் என்ன நாலு எண் போட்டீங்க? அதைச் சொல்லாம எப்படிப் பார்க்கறது?

கதிர்: முப்படி போதாது, நாற்படி வைங்க. அஞ்சு புள்ளி கொடுத்தா 55ம் சரியா வரும்.

செந்தில்: அஞ்சு புள்ளி வழியா நாற்படி எப்பவுமே போகும் தம்பி, ஆனா n=6ல மறுபடி உதைக்கும். அடுத்தடுத்த கூடுதல்களோட வித்தியாசம் n², அது இருபடி. அதனால கூடுதல் முப்படிதான்.

ராஜி: (n(n+1)/2)² தானே விடை?

செந்தில்: அது கனங்களின் கூடுதல்ங்க.

நுண்கணிதன்: பொருத்திப் பார்ப்பது கணிதமே அல்ல. 1, 2, 4, 8 வழியாக முப்படி போட்டால் அடுத்தது 15 வரும், 16 அல்ல. இந்த அடிப்படை தெரிந்தபின் கேள்வி கேட்கலாம். தொகுத்தறிதலைப் படியுங்கள்.

வசந்தா டீச்சர்: மலர்விழி, உன் கோவையில் n=4 போட்டுப் பார்த்தேன், 29 வருகிறது. 1+4+9+16 = 30 அல்லவா? d=1 வந்தபோதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். எதையும் கூட்டாதபோது கூடுதல் 0, எனவே d=0தான். அதை முதலிலேயே எடுத்துக்கொண்டால் மூன்று சமன்பாடு போதும்:

```
a + b + c = 1
8a + 4b + 2c = 5
27a + 9b + 3c = 14
```

இரண்டாவதை 2ஆலும் மூன்றாவதை 3ஆலும் வகுத்து, இரண்டிலிருந்தும் முதலாவதைக் கழி. 3a+b = 3/2, 8a+2b = 11/3 கிடைக்கும். அங்கிருந்து a=1/3, b=1/2, c=1/6. நாலாவது மதிப்பான 30ஐத் தீர்க்கப் பயன்படுத்தாமல், சரிபார்க்க வைத்துக்கொள்.

நுண்கணிதன் ஐயா, தொகுத்தறிதலுக்கு முன் சூத்திரம் கையில் இருக்க வேண்டுமே? அதற்குத்தான் இது. கிடைத்த முப்படியை P(n) என்போம். P(n)−P(n−1) இருபடி, n²ம் இருபடி. மூன்று இடத்தில் ஒத்துப்போனால் எல்லா இடத்திலும் ஒன்றே. P(0)=0வும் சேர்ந்தால் நிரூபணம் முடிந்தது.

நுண்கணிதன்: அதுவும் தொகுத்தறிதல்தான், பெயர் சொல்லாமல் செய்கிறீர்கள்.

வசந்தா டீச்சர்: கடைசியில் வித்தியாசங்களைக் கூட்டும் இடத்தில் மட்டும், ஆம். சூத்திரத்தைக் கண்டுபிடித்துத் தந்தது அது இல்லை.

கதிர்: எனக்கு 0.333, 0.5, 0.167 வந்துச்சு. n=10க்கு 384.67 காட்டுது.

செந்தில்: தசமத்தை வெட்டாதீங்க, பின்னமாவே வைங்க. 0.333 × 1000ல மட்டுமே 1/3 குறையும். 6ஆல பெருக்கினா 2n³+3n²+n, அதாவது n(n+1)(2n+1). n=10: 10×11×21 = 2310, ஆறால வகுத்தா 385.

மலர்விழி_11: 14+16ஐ 29னு போட்டிருக்கேன். இப்ப 55 வருது. நன்றி டீச்சர்.

ராஜி: கனங்களுக்கும் இதே மாதிரி நாற்படி வெச்சா வருமா? எனக்கு n³ கெழு 1/3 வருது, 1/2 வரணும்.

செந்தில்: என்னென்ன மதிப்பு போட்டீங்க?