கடல் வெப்ப அலையா, கடல்வெக்கையா? (மரைன் ஹீட்வேவ்)

தாமரை:

வணக்கம். பவளப்பாறைகளைப் பற்றிய நீண்ட கட்டுரை ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகி நாள் கணக்கில் அப்படியே நிற்பதைச் சொல்லும் மரைன் ஹீட்வேவ் வரும் இடமெல்லாம் 'கடல் வெப்ப அலை' என்று போட்டிருந்தேன். மெய்ப்புப் பார்த்தவர் ஒரு வரியைச் சுற்றி வட்டமிட்டு, "இந்த அலை எத்தனை அடி உயரம்?" என்று கேட்டு அனுப்பிவிட்டார். "2016இல் கடல் வெப்ப அலை தாக்கியதில் பவளங்கள் வெளுத்தன" என்பதுதான் அந்த வரி. திரும்பப் படித்தால் எனக்கே சுடுதண்ணீர் அலை ஒன்று வந்து மோதியது போலத்தான் இருக்கிறது. தரையில் 'வெப்ப அலை' என்றால் யாரும் குழம்புவதில்லை, அங்கே வேறு அலை கிடையாது. கடலில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறதே!

இன்னொரு சந்தேகமும் உண்டு. பிளீச்சிங் என்பதற்கு வெளுத்தலா, வெளிறலா? இரண்டையும் மாற்றி மாற்றி எழுதி வைத்திருக்கிறேன்.

நடராஜன்:

இதற்குப் புதுச்சொல் எதற்கு என்று விளங்கவில்லை. எல் நினோ என்று எல்லாரும் எழுதுகிறோம். கடல் சூடாவதைத்தானே அது சொல்கிறது? 1998, 2016 இரண்டுமே எல் நினோவை ஒட்டி வந்தவை. அதையே வைத்துக்கொள்ளுங்கள், அலை பிரச்சினையும் தீர்ந்தது.

அருள்மொழி:

நடராஜன் ஐயா சொன்ன இரண்டு ஆண்டுகளும் சரிதான். ஆனால் எல் நினோ காரணங்களில் ஒன்று, நாம் பெயர் தேடுவது விளைவுக்கு. 2011இல் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் கடல் கடுமையாகச் சூடானது எல் நினோவுக்கு நேரெதிரான லா நினா காலத்தில். 2022இல் அதே நாட்டின் கிழக்குக் கரையில் உள்ள பெருந்தடைப் பவளத்திட்டு வெளிறியதும் லா நினா இருந்தபோதுதான். காரணத்தின் பெயரை விளைவுக்கு வைத்தால் இந்த இரண்டையும் எழுதவே முடியாது.

இனி சொல்லுக்கு வருகிறேன். கடலியலாளர்கள் வைத்திருக்கும் வரையறை எளிமையானது. ஓர் இடத்தில், ஆண்டின் அந்தந்த நாளுக்கு வழக்கமாக என்ன வெப்பநிலை என்று சுமார் முப்பது ஆண்டுப் பதிவை வைத்துப் பார்க்கிறார்கள். பதிவான வெப்பநிலைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு எதற்குக் கீழே இருக்குமோ, அந்த அளவையும் தாண்டி ஐந்து நாளாவது தொடர்ந்து சூடு நின்றால்தான் இந்தப் பெயர். ஆக இதன் உயிர் 'எவ்வளவு சூடு' என்பதில் பாதி, 'எத்தனை நாள் நின்றது' என்பதில் பாதி. அலை என்றால் வந்து போவது. இதுவோ வந்து உட்கார்ந்துகொள்வது.

நம் பேச்சில் அதற்கு ஒரு சொல் இருக்கிறது: வெக்கை. காற்று அசையாமல், நாள் கணக்கில் இறங்காமல் நிற்கும் சூட்டைத்தானே வெக்கை என்கிறோம்? 'கடல்வெக்கை' என்று சேர்த்தே எழுதலாம் என்பது என் கருத்து.

வெளிறல்தான் சரி. வெளுப்பது துணிக்கும் சாயத்துக்கும். பயத்தில், காய்ச்சலில் முகம் வெளிறும், ஆனால் ஆள் உயிரோடு இருப்பார். பவளத்துக்கும் அதே கதை. பவளம் சின்னஞ்சிறு உயிர்களின் கூட்டம். அதன் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் நிறத்தையும் கொடுக்கிறது, உணவில் பெரும்பகுதியையும் சமைத்துக் கொடுக்கிறது. சூடு கூடினால் வெயிலை வாங்கிச் சமைக்கும் அந்த வேலை பாசிக்குள் தடுமாறி, நச்சுத்தன்மையுள்ள ஆக்சிஜன் பொருள்கள் கசிகின்றன. பவளம் பாசியை வெளியேற்றிவிடுகிறது. மிஞ்சுவது கண்ணாடி போன்ற சதையும் அதனூடே தெரியும் வெள்ளைச் சுண்ணாம்பு எலும்பும்.

ரஃபீக்:

எனக்கும் இது நடந்தது. வீட்டுத் தொட்டியில் பவளம் வளர்க்கிறேன். போன மாதம் புது விளக்கு மாட்டிய நாலாம் நாள் ஒரு கிளைப்பவளம் வெள்ளை வெளேர் என்று ஆகிவிட்டது. தண்ணீர் 26 டிகிரியை விட்டு நகரவே இல்லை. அப்படியென்றால் சூடு காரணம் என்பது எப்படி? செத்துவிட்டது என்று எடுத்துப் போட இருந்தேன், இந்த மடலைப் பார்த்து நிறுத்தியிருக்கிறேன்.

அருள்மொழி:

எடுத்துவிடாதீர்கள் ரஃபீக். வெளிறலுக்குச் சூடு ஒன்றுதான் காரணம் என்றில்லை. திடீரென்று ஒளி கூடினாலும், மழைநீர் கலந்து உப்பு குறைந்தாலும், குளிரிலும்கூட வெளிறும். கடலில் ஒரே நேரத்தில் பெரும் பரப்பு வெளிறினால்தான் முதல் சந்தேகம் வெக்கைமேல் போகும். அங்கேயும் ஒளிக்குப் பங்கு உண்டு. மேகம் மூடிய வாரங்களில் அதே சூட்டுக்குச் சேதம் குறைகிறது.

உயிர் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி: இரவில் விளக்கை அணைத்துக் கொஞ்ச நேரம் கழித்து மெல்லிய டார்ச் ஒளியில், கைலென்ஸ் வைத்துப் பாருங்கள். வெள்ளை எலும்பின் குழிகளிலிருந்து நூல் நூலாகக் கைகள் நீண்டு ஆடினால் உயிரோடு இருக்கிறது, பட்டினியாக இருக்கிறது. செத்த பவளம் வெள்ளையாக வெகுநாள் இருக்காது. சில நாளிலேயே அதன்மேல் பழுப்பும் பச்சையுமாக மெல்லிய பாசி படர்ந்து, தொட்டால் வழவழக்கும். கடலுக்கடியில் நீந்திக் கணக்கெடுக்கும்போது புதியவர்கள் செய்யும் பெரிய தவறு இதுதான். வெள்ளையைப் பார்த்து 'சாவு' என்றும் பழுப்பைப் பார்த்து 'பிழைத்தது' என்றும் எழுதிவிடுவார்கள். உண்மை பல சமயம் நேர்மாறு.

முருகேசன்:

வெளிறலுக்கு என் ஓட்டும் உண்டு. வெக்கைக்கு இல்லை. வெப்ப அலை என்ற சொல் வானிலை அறிக்கையில் நிலைத்துவிட்டது. தரைக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று என்று வைத்தால் இரண்டும் ஒரே வகை நிகழ்வு என்பது படிப்பவருக்குத் தெரியாமலே போய்விடும். அதோடு வெக்கை என்பது உடம்பு உணர்வது. 29 டிகிரிக் கடல் 30.5 ஆனால் இறங்கிக் குளிப்பவருக்குத் தெரியவா போகிறது?

அருள்மொழி:

குளிப்பவருக்குத் தெரியாது, பவளத்துக்குத் தெரியும். அது தன் ஊர்ச் சூட்டின் விளிம்பிலேயே வாழ்கிறது. அந்த விளிம்பைக் கணக்கிடும் முறையைப் பார்த்தால் நான் ஏன் 'நிற்கும் சூடு' என்று வலியுறுத்துகிறேன் என்பது புரியும்.

அமெரிக்காவின் கடல், வானிலை ஆய்வு அமைப்பான நோவா செயற்கைக்கோள் வழியே செய்யும் கணக்கு இது. ஓரிடத்தில் ஆண்டின் மிக வெப்பமான மாதத்தின் சராசரி 29 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மேல் ஒரு டிகிரியாவது ஏறினால்தான் எண்ணத் தொடங்குவார்கள். இரண்டு வாரம் 30.5 இருந்தது: கூடுதல் ஒன்றரை, இரண்டு வாரத்துக்கு 3. அடுத்த வாரம் 29.8: ஒரு டிகிரியை எட்டவில்லை, அதனால் ஒன்றும் சேராது, ஆனால் சேர்ந்தது கழியவும் இல்லை. அப்புறம் மூன்று வாரம் 31: கூடுதல் இரண்டு, மூன்று வாரத்துக்கு 6. மொத்தம் 9. கடைசிப் பன்னிரண்டு வாரத்தில் சேர்ந்ததைத்தான் கூட்டுவார்கள். 4ஐத் தொட்டால் வெளிறல் கண்ணுக்குத் தெரியும் அளவில் வரும், 8ஐத் தாண்டினால் பரவலான வெளிறலோடு சாவும் எதிர்பார்க்கலாம். ஒரே ஒரு வாரம் 32 அடித்து இறங்கிய இடத்தில் கூட்டு 3தான்.

இதைத்தான் டிகிரி ஹீட்டிங் வீக் என்கிறார்கள். தாமரை கட்டாயம் இதில் மாட்டிக்கொள்வார். 'வெப்ப வாரம்' என்று எழுதினால் '8 வெப்ப வாரம்' என்பதை எட்டு வாரம் என்றுதான் படிப்பார்கள். வேலைக்கணக்கில் 'ஆள்-நாள்' என்கிறோமே, அதுபோல 'டிகிரி-வாரம்' என்று அலகை வைத்து, அளவுக்கு 'வெக்கைச் சுமை' என்று பெயர் கொடுக்கலாம். 'வெக்கைச் சுமை 9 டிகிரி-வாரம்.'

கணக்குக்கு எல்லையும் உண்டு. செயற்கைக்கோள் பார்ப்பது கடலின் மேற்பரப்பை, அதுவும் ஐந்து கிலோமீட்டர் கட்டங்களாக. பத்து மீட்டர் ஆழத்தில் குளிர்நீர் ஊறிவரும் ஓர் இடுக்கு அதில் தெரியாது.

செல்வராணி:

டிகிரி-வாரம் நன்றாக இருக்கிறது. ஒன்று சேர்க்கிறேன். கட்டுரையில் மீன்பிடி பற்றியும் வருமே, அதற்குப் 'பாடு குறைவு' என்று எழுதலாம். வலையில் கிடைக்கும் மீனைக் கரையில் பாடு என்றுதானே சொல்கிறோம். பவளம் வெளிறினால் மீனுக்கு வீடு போய்விடுகிறது, மீன் சாகிறது, பாடும் அதோடு விழுகிறது.

அருள்மொழி:

பாடு அருமையான சொல், எடுத்துக்கொள்ளலாம். 'குறைவு' என்பதில்தான் தயக்கம்.

வெக்கை நடக்கும்போதே மீன் நகர்கிறது. மேல்நீரில் திரியும் கூட்டங்கள் குளிர்ந்த நீர் தேடி ஆழத்துக்கோ அப்பாலோ போய்விடும். வழக்கமான ஆழத்தில் விட்ட வலை வெறுமனே வரும், ஆனால் மீன் சாகவில்லை. பவளத்திட்டு மீன் கதை வேறு. வெளிறிச் செத்த பவளத்தின் எலும்புக்கூடு உடனே விழுவதில்லை, கிளையும் பொந்தும் சில ஆண்டுகள் அப்படியே நிற்கும். பவளத்தையே கொறித்துத் தின்னும் வண்ணத்துப்பூச்சி மீன் முதலிலேயே குறைந்துவிடும். மற்றவை கூடு நொறுங்கும்வரை தாக்குப்பிடிக்கும். மீன்பாட்டில் பாதிப்பு பின்தங்கி வருவது அதனால்தான்.

இந்தியப் பெருங்கடலின் சேஷெல்ஸ் தீவுகளில் நடந்ததைப் பாருங்கள். 1998 வெக்கையில் உள்தீவுகளைச் சுற்றிய உயிர்ப்பவளத்தில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் போயிற்று. தொடர்ந்து கவனித்த 21 திட்டுகளில் 12 பின்னர் மீண்டன, 9 பெரும்பாசிக் காடாகவே மாறிவிட்டன. பாடு விழுந்திருக்க வேண்டும் இல்லையா? இருபது ஆண்டுத் தரவைப் பார்த்தபோது மொத்தப் பாடு விழவில்லை, சில இடங்களில் கூடியும் இருந்தது. பாசி தின்னும் ஓரா மீன் பெருகிப் பொறிகளை நிரப்பியது. ஆனால் ஒருநாள் பொறி நிறைவதும் மறுநாள் வெறுமையாவதுமாகப் பாட்டின் ஏற்ற இறக்கம் கூடிவிட்டது, எங்கே போட்டால் கிடைக்கும் என்பதும் பிடிபடவில்லை. இதைக் 'குறைவு' என்றால் தவறாகிவிடும். 'பாடு நிலையின்மை' என்று சொன்னால்தான் நடந்தது வருகிறது. எல்லாக் கரையிலும் இப்படியே நடக்கும் என்றும் எழுதிவிடக் கூடாது. ஓரா பெருகுவது அதை ஏற்கெனவே பிடித்துத் தீர்த்திருக்கிறோமா என்பதைப் பொறுத்தது.

செல்வராணி:

இது எனக்குத் தெரியாது. மொத்த எடையை மட்டும் பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும், இல்லையா? அப்படியென்றால் 'பாடு நிலையின்மை'யை விட எளிதாகப் 'பாட்டுத் தடுமாற்றம்' சரிப்படுமா? நிலையின்மை எனக்குத் தத்துவப் புத்தக வாசனையடிக்கிறது.

முருகேசன்:

'பாட்டுத் தடுமாற்றம்' என்றால் பாட்டுக் கச்சேரியில் தாளம் தப்பியது என்று படிப்பார்கள் அம்மா. 'பாடு தடுமாற்றம்' என்று பிரித்து எழுதினால் குழப்பம் இல்லை.

அருள்மொழியின் கூட்டலைப் படித்த பிறகு வெக்கைச் சுமையை ஏற்கிறேன், சேர்ந்துகொண்டே போவதைச் சுமை என்ற சொல் நன்றாகத் தாங்குகிறது. கடல்வெக்கையில் இன்னும் எனக்கு உடன்பாடில்லை. பள்ளிப் பாடநூலில் இரண்டு சொல் புகுந்தால் பிள்ளைகள்தான் திண்டாடுவார்கள்.

தாமரை:

எல்லாருக்கும் நன்றி. வெளிறல், வெக்கைச் சுமை, டிகிரி-வாரம், பாடு தடுமாற்றம் நான்கையும் எடுத்துக்கொண்டேன். மரைன் ஹீட்வேவ் முதலில் வரும் இடத்தில் "வெப்ப அலை என்று பரவலாகச் சொல்லப்படும் கடல்வெக்கை" என்று ஒருமுறை எழுதிவிட்டு, அதன்பின் கடல்வெக்கை மட்டும் போடுகிறேன். முருகேசன் ஐயாவின் மறுப்பை மெய்ப்பாளருக்கும் அனுப்பியிருக்கிறேன், அவர் என்ன சொல்கிறார் பார்ப்போம்.

ஒன்று பாக்கி. 'பவளப்பாறை' என்று எழுதும்போதெல்லாம் பாறை எப்படி வெளிறும், எப்படிப் பட்டினி கிடக்கும் என்று நெருடுகிறது. அருள்மொழி 'திட்டு' என்றே எழுதுகிறார். உயிருக்குப் பவளம், அது கட்டிய இடத்துக்குப் பவளத்திட்டு என்று பிரித்தால் ஆட்சேபம் உண்டா?

ரஃபீக்:

பிரியுங்கள். நேற்று இரவு லென்ஸ் வைத்துப் பார்த்தேன். அடிப்பக்கத்துக் கிளையில் மட்டும் கைகள் ஆடுகின்றன, நுனியில் ஒன்றும் இல்லை, அங்கே பழுப்பு ஏறத் தொடங்கிவிட்டது. விளக்கைப் பாதியாகக் குறைத்திருக்கிறேன். பாதி வெளிறி, பாதி செத்த கிளைக்கு ஒரு சொல் இருந்தால் சொல்லுங்கள்.